சராசரித் தாமதம் 5.6 நிமிடமா, 9.3 நிமிடமா: எந்த வண்டியை நம்பி வேலைக்குப் போவது?

பாலக்காட்டில் ஏறி கோவையில் வேலைக்குப் போகிறவர்கள் வாசகர்களில் நிறைய. ஒரே மணி நேரத்தில் இரண்டு வண்டி இருந்தால் எதற்குப் பழகிக்கொள்வது என்ற கேள்வி அவர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. "செயலியில் சராசரித் தாமதம் பார்த்தேன், எக்ஸ்பிரஸ்தான் குறைவு, ஆனால் ஆபீஸில் லேட் மார்க் விழுகிறதே" என்பது அதன் வழக்கமான பின்குறிப்பு. சராசரி பொய் சொல்லவில்லை. லேட் மார்க்கும் பொய் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

ஒரு மாத வரவுப் பதிவிலிருந்து ஒரு வண்டியின் நேர ஒழுங்கை அளக்க நான்கு வழிகள் உண்டு: சராசரித் தாமதம், நடு எண், "இத்தனை நிமிடத்துக்குள் வந்த நாள் சதவீதம்", பத்தில் ஒன்பது நாள் எல்லை. இந்த நான்கையும் ஒரே பதிவில் வைத்துப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்குப் புரிவதற்காக அமைத்தவை. எந்த நிஜ வண்டியின் பதிவும் அல்ல.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு அளவுகோல் உங்களுக்கு உதவுமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, அது உங்கள் கெடுவைப் பற்றிப் பேசுகிறதா? ஜங்ஷனில் இறங்கியதும் 8.40க்கு ஒரு பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால், வண்டி 12 நிமிடம் தாமதித்தாலும் 45 நிமிடம் தாமதித்தாலும் பஸ் போனது போனதுதான். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அப்படியில்லை, ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இரண்டாவது, ரத்தான நாளை அது என்ன செய்கிறது? வராத வண்டிக்கு வரவு நேரம் கிடையாது. அதனால் பல கணக்குகளில் அந்த நாள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஜெர்மன் ரயில்வேயின் நேர ஒழுங்குச் சதவீதத்தில்கூட ரத்தான வண்டிகள் தாமதமாக எண்ணப்படுவதில்லை என்பது அங்கே நீண்ட நாள் புகார்.

மூன்றாவது, எந்த நிலையத்தில் அளந்தது? நம் ரயில்வேயின் நேரந்தவறாமைக் கணக்கு வண்டி பயணத்தை முடிக்கும் நிலையத்தை வைத்தே பார்ப்பது. அட்டவணையில் இழந்த நேரத்தை மீட்கக் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்திருப்பார்கள், அதில் கணிசமான பங்கு கடைசிப் பிரிவில் இருக்கும். கேரளத்திலிருந்து சென்னை போகும் வண்டி கோவையில் 25 நிமிடம் பின்தங்கி, சென்னையில் சரியான நேரத்துக்குப் போய் நிற்கலாம். ஏட்டில் அது நேரத்துக்கு வந்த வண்டி. நடுவில் இறங்குகிறவருக்கு அந்த ஏடு உதவாது. நீங்கள் இறங்கும் நிலையத்தின் வரவைத்தான் எடுக்க வேண்டும்.

## பதிவு

வேலை நாள் 26 உள்ள ஒரு மாதம். எக்ஸ்பிரஸ் தெற்குக் கேரளத்திலிருந்து இரவெல்லாம் ஓடி வருவது, கோவை வரவு 8.25. லோக்கல் பக்கத்திலிருந்து புறப்படுவது, கோவை வரவு 8.30.

| லோக்கல்: தாமதம் (நிமிடம்) | நாள் | எக்ஸ்பிரஸ்: தாமதம் (நிமிடம்) | நாள் |
|---|---|---|---|
| 7 | 3 | 0 | 9 |
| 8 | 5 | 1 | 4 |
| 9 | 8 | 2 | 4 |
| 10 | 6 | 3 | 3 |
| 12 | 3 | 5, 6 | தலா 1 |
| 14 | 1 | 24, 38, 47 | தலா 1 |
| – | – | ரத்து | 1 |

அட்டவணையைப் பார்த்த உடனே இரண்டின் குணமும் தெரிந்துவிடும். லோக்கல் ஒரு நாளும் நேரத்துக்கு வருவதில்லை, ஆனால் 7 நிமிடத்துக்கும் 14 நிமிடத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது. தினமும் போத்தனூர் தாண்டி அவுட்டரில் பிளாட்பாரம் காலியாகக் காத்துக்கிடக்கும் வண்டியின் பதிவு இப்படித்தான் இருக்கும். எக்ஸ்பிரஸ் 22 நாள் பிசகாமல் வந்துவிட்டு 4 நாள் கவிழ்க்கிறது. தூரத்தில் சேர்த்த தாமதத்தைச் சுமந்து வரும் வண்டிகள் அந்த ரகம்.

பதிவை எடுப்பதிலும் சில கண்ணிகள் உண்டு. செயலியில் சில நிறுத்தங்களுக்குக் காட்டும் நேரம் பதிவான நேரமாக இல்லாமல், பக்கத்து நிலையங்களை வைத்து ஊகித்ததாக இருக்கலாம். முந்தைய நிலையத்தின் தாமதமே நாள்தோறும் அச்சு மாறாமல் உங்கள் நிலையத்துக்கும் வந்தால் சந்தேகப்படுங்கள். தாமதங்களின் கடைசி இலக்கத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 0, 5 இரண்டும் மட்டும் குவிந்திருந்தால் யாரோ தோராயமாக எழுதியது. ஒரு வரம்புக்குச் சற்று முன்னால் கூட்டமும் சற்றுப் பின்னால் வெறுமையும் இருந்தால், அதாவது 14, 15 நிறைய இருந்து 16, 17 ஒன்றுகூட இல்லாமல் போனால், அந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிய பதிவு அது.

விரிதாளில் முதல் பத்தியில் தேதி, B-யில் அட்டவணை நேரம், C-யில் வந்த நேரம், D-யில் தாமதம்:

```
D2:  =MAX(0, ROUND((C2-B2)*1440, 0))
சராசரி:  =AVERAGEIF(D2:D27, "<999")
நடு எண்:  =MEDIAN(D2:D27)
தவறிய நாள்:  =COUNTIF(D2:D27, ">10")
90% எல்லை:  =SMALL(D2:D27, 24)
```

ரத்தான நாளுக்கு D-யில் 999 என்று கையால் போடுங்கள். தவறிய நாளில் உள்ள 10 என்பது 8.40க்குள் இறங்க வேண்டியவருக்கு லோக்கலில் கிடைக்கும் இடைவெளி, எக்ஸ்பிரஸுக்கு அது 15. `ROUND` இல்லாவிட்டால் விரிதாள் 10 நிமிடத்தை 10.0000001 என்று உள்ளே வைத்துக்கொள்ளக்கூடும், அப்போது சரியாக 10 நிமிடம் தாமதித்த நாளும் தவறிய நாளில் சேர்ந்துவிடும். `MAX(0,…)` எதற்கென்றால், 4 நிமிடம் முன்னதாக வந்த நாள் இன்னொரு நாளின் 4 நிமிடத் தாமதத்தை அடிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை சீக்கிரம் வந்ததற்காக வியாழக்கிழமை தவறிய பஸ் திரும்பி வராது.

## சராசரித் தாமதம்

லோக்கலின் 26 நாள் தாமதத்தைக் கூட்டினால் 243 நிமிடம், சராசரி 9.3. எக்ஸ்பிரஸ் ஓடிய 25 நாளில் 141 நிமிடம், சராசரி 5.6. இதோடு நிறுத்தினால் எக்ஸ்பிரஸ் ஜெயித்தது.

ஆனால் அந்த 5.6 நிமிடத் தாமதத்தோடு எக்ஸ்பிரஸ் ஒரு நாளும் வந்ததில்லை. 5, 6 என்று வந்ததே இரண்டு நாள்தான். 141 நிமிடத்தில் 109 நிமிடம் மூன்றே மூன்று நாளில் வந்தது, மீதி 22 நாளும் சேர்ந்து 32 நிமிடம். சராசரி இந்த இரண்டு வகை நாட்களையும் ஒன்றாகக் கரைத்து, எந்த நாளிலும் இல்லாத ஒரு நடுத்தர வண்டியைக் காட்டுகிறது. லோக்கலின் 9.3 அப்படியல்ல. கிட்டத்தட்ட எல்லா நாளும் அதை ஒட்டித்தான் வருகிறது. ஒரே பெயருள்ள இரண்டு எண்ணுக்கு நம்பகம் வேறுவேறு. சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியே இல்லை.

நாள் தவறாமல் 9 நிமிடம் பிந்தும் வண்டியை நம்பமுடியாத வண்டி என்று சொல்வதே சரியல்ல. அது 8.39க்கு வரும் வண்டி. அச்சிட்ட அட்டவணைதான் தப்பு. அதற்குத் தகுந்தபடி நீங்கள் உங்கள் காலையை அமைத்துக்கொள்ளலாம். நாளொரு தாமதமாக ஆடும் வண்டிக்கு அப்படி எதையும் அமைத்துக்கொள்ள முடியாது.

ரத்தான நாளும் இங்கே ஒளிந்திருக்கிறது. 999-ஐ அப்படியே சராசரியில் விட்டால் 43.8 என்று அபத்தமாக வரும், அதனால் ஒதுக்குகிறோம். ஒதுக்கினால் அந்த நாள் நடக்கவே இல்லை என்றாகிறது. நியாயமான வழி, அன்று பயணி கடைசியில் எப்போது கோவை போய்ச் சேர்ந்தார் என்று பார்ப்பது. அடுத்து ஏற முடிந்த வண்டி 70 நிமிடம் கழித்துச் சேர்ந்தது என்றால் 70 போட வேண்டும். அப்போது 211 நிமிடம், சராசரி 8.1. ஒரே ஒரு நாளைச் சேர்த்ததில் 5.6 என்பது 8.1 ஆகிவிட்டது.

சராசரி வேண்டாத எண் என்றும் தள்ள முடியாது. கெடு எதுவும் இல்லாமல், இழந்த நிமிடங்களுக்கு மட்டும் விலை உள்ளவருக்கு அதுதான் சரியான அளவு. மணிக்கூலிக்காரர், கடையைத் தானே திறக்கிறவர், கல்லூரிக்கு வாரம் இரண்டு நாள் போகிறவர் போன்றவர்களுக்கு 243 நிமிடமா 211 நிமிடமா என்பதே கேள்வி, எக்ஸ்பிரஸ்தான் பதில்.

## நடு எண்

26 நாளையும் தாமத வரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பது. லோக்கலுக்கு 9, எக்ஸ்பிரஸுக்கு 1.5. ரத்தான நாளை 999 என்று போட்டாலும் 70 என்று போட்டாலும் இது அசையாது. அது பலம், அதுவே குறை. எக்ஸ்பிரஸின் 47 நிமிடம் 470 ஆனாலும் நடு எண் 1.5 தான். "சாதாரண நாளில் எப்போது வரும்" என்று ஊரிலிருந்து வரும் மாமாவுக்குச் சொல்ல இது போதும். வேலையைப் பணயம் வைக்கப் போதாது.

## வரம்புக்குள் வந்த சதவீதம்

உலகம் முழுக்க ரயில்வேக்கள் வெளியிடுவது இந்த வகை எண்தான், வரம்புதான் ஊருக்கு ஊர் மாறும். சுவிட்சர்லாந்தில் 3 நிமிடத்துக்குக் கீழ், ஜெர்மனியில் 6 நிமிடத்துக்குக் கீழ். பிரிட்டனில் பல ஆண்டு இருந்த முறையில் குறுந்தூர வண்டிக்கு 5 நிமிடம், நெடுந்தூர வண்டிக்கு 10.

நம் இரண்டு வண்டிக்கும் வரம்பை 5 நிமிடம் என்று வைத்தால் லோக்கல் 0 சதவீதம், எக்ஸ்பிரஸ் 26 நாளில் 21, அதாவது 81 சதவீதம். வரம்பை 15 ஆக்கினால் லோக்கல் 100, எக்ஸ்பிரஸ் 85. வண்டிகள் அப்படியேதான் ஓடின, வரம்பு மட்டும் நகர்ந்தது, தீர்ப்பு தலைகீழானது. ஆக, வரம்பு எவ்வளவு என்று சொல்லாமல் யாராவது 90 சதவீதம் நேர ஒழுங்கு என்றால் அதில் ஒரு செய்தியும் இல்லை.

அதே பலவீனத்தை உங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம். வரம்பை ரயில்வே வைக்க வேண்டியதில்லை, நீங்களே வையுங்கள். இறங்கியே ஆக வேண்டிய கடைசி நேரத்திலிருந்து அட்டவணை வரவைக் கழித்தால் கையில் எத்தனை நிமிட இடைவெளி இருக்கிறது என்று தெரியும். அதைத் தாண்டிய நாட்களை எண்ணுங்கள். சதவீதமாகக்கூட வேண்டாம், மாதத்தில் எத்தனை லேட் மார்க் என்று நேராக வரட்டும்.

| இறங்க வேண்டிய கடைசி நேரம் | லோக்கலில் தவறும் நாள் | எக்ஸ்பிரஸில் தவறும் நாள் |
|---|---|---|
| 8.35 | 26 | 4 |
| 8.38 | 18 | 4 |
| 8.40 | 4 | 4 |
| 8.45 | 0 | 4 |

இரண்டு நிமிடம் எவ்வளவு செய்கிறது பாருங்கள். 8.38 கெடு உள்ளவருக்கு லோக்கல் ஆகவே ஆகாது. 8.40 என்றால் இரண்டும் சமம். 8.45 என்றால் லோக்கலில் ஒரு நாள்கூடத் தவறாது. ஜங்ஷனிலிருந்து பஸ்ஸுக்குப் பதில் ஷேர் ஆட்டோ பிடித்து 5 நிமிடம் மிச்சம் செய்ய முடிந்தால், அந்த ஆட்டோக் காசு மாதம் 4 லேட் மார்க்கை வாங்கிக்கொள்கிறது. வண்டி மாற்றுவதைவிட அது மலிவாகவும் இருக்கலாம்.

எக்ஸ்பிரஸின் பத்தி முழுக்க 4, 4, 4, 4 என்று அசையாமல் இருப்பதையும் கவனியுங்கள். கெடுவை 8.45க்குத் தள்ளியும் அதில் ஒரு நாள்கூட மிச்சமாகவில்லை. கெட்ட நாளில் அது மிகக் கெட்டுப் போவதால், சின்னச் சின்ன முன்னெச்சரிக்கை எதுவும் அதனிடம் செல்லாது.

## பத்தில் ஒன்பது நாள் எல்லை

வரம்பைக் கொடுத்து நாளைக் கேட்பது முந்தைய முறை. இங்கே நாளைக் கொடுத்து வரம்பைக் கேட்கிறோம்: பத்தில் ஒன்பது நாள் தவறக் கூடாது என்றால் எத்தனை நிமிடம் ஒதுக்க வேண்டும்? 26இல் 90 சதவீதம் 23.4, அதனால் வரிசையில் 24ஆவது எண்ணைப் பார்க்கிறோம். லோக்கலுக்கு 12 நிமிடம். எக்ஸ்பிரஸுக்கு 38.

வேலைக்கு இன்னும் சேராதவர், ஆபீஸ் நேரத்தை இனிமேல்தான் பேசி முடிக்கப் போகிறவர், வீடு எங்கே பார்ப்பது என்று யோசிக்கிறவர் எல்லாருக்கும் இதுதான் பயன்படும். லோக்கலை நம்பினால் 8.42ஐ வரவாக வைத்துப் பேசலாம். எக்ஸ்பிரஸ் என்றால் 9.03 என்று வைக்க வேண்டும், அட்டவணையில் அது முந்தி வரும் வண்டியாக இருந்தும்.

இதன் குறை என்னவென்றால், ஒரு மாதத்தின் 26 நாள் இதற்கு மிகக் குறைவு. ரத்தான நாளைச் சேர்க்காமல் 25 நாளை வைத்துக் கணக்கிட்டால் 23ஆவது எண், 24 நிமிடம். சேர்த்தால் 38. ஒரு நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் 14 நிமிடம் ஆடுகிறது. எக்ஸ்பிரஸின் 4 கெட்ட நாளும் அப்படித்தான். வண்டியின் குணம் எதுவும் மாறாமலே அடுத்த மாதம் அது 1 ஆகவோ 7 ஆகவோ வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லோக்கலின் எண்கள் நெருக்கமாக இருப்பதால் அதற்கு ஒரு மாதம் போதும். எக்ஸ்பிரஸுக்கு மூன்று மாதப் பதிவாவது வேண்டும், அதிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தையும் மற்ற காலத்தையும் கலக்காமல் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன் வாளையாறு தாண்டும் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் காடு என்பதால் வாளையாறு–மதுக்கரை நடுவே இரவில் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. அட்டவணை அதைக் கணக்கில் எடுத்ததா இல்லையா என்பது பதிவிலேயே தெரியும். எடுக்கவில்லை என்றால் லோக்கலின் 9 நிமிடம் போல ஒரே அளவான தாமதம் நாள்தோறும் தேங்கி நிற்கும்.

## இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்

8.40 கெடு உள்ளவருக்கு இரண்டு வண்டியும் 4 நாள் தவறுகின்றன என்று பார்த்தோம். ஆனால் அவை ஒரே 4 நாள் அல்ல. எண்களைக் கூட்டிச் சுருக்கும்போது தேதி காணாமல் போய்விடுகிறது, தேதியில்தான் இங்கே விடை இருக்கிறது.

எக்ஸ்பிரஸ் கவிழ்த்த 4 தேதிகளில் லோக்கல் என்ன செய்தது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 நிமிட நாளில் லோக்கல் 9, 47 நிமிட நாளில் 14, ரத்தான நாளில் 10, 38 நிமிட நாளில் 8 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். எக்ஸ்பிரஸ் பிந்துவது பாலக்காட்டிலேயே தெரிந்திருந்தால் லோக்கலில் ஏறியிருக்கலாம். 9, 10, 8 மூன்றும் 8.40க்குள் வந்துவிடும், 14 மட்டும் தவறும்.

அதிலும் ஒரு ஓட்டை. 38 நிமிட நாளில் வண்டி பாலக்காட்டுக்கு நேரத்துக்கே வந்து, எட்டிமடைக்கு இந்தப் பக்கம் சிக்னல் கோளாறில் நின்றிருந்தால் நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டீர்கள், லோக்கல் பின்னால் இருந்தும் பயனில்லை. ஆக, இந்தக் கலப்பு முறையில் தவறுவது 2 நாள்: அந்த 38, அந்த 14. தனியாக எந்த வண்டியைப் பிடித்தாலும் 4.

இதற்குப் பதிவில் இன்னும் ஒரு பத்தி வேண்டும், பாலக்காட்டில் எக்ஸ்பிரஸ் வந்தபோது இருந்த தாமதம். அது இல்லாமல் எந்தத் தாமதம் முன்கூட்டியே தெரியும், எது ஏறிய பிறகு வரும் என்று பிரிக்க முடியாது. சீசன் டிக்கெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் சூப்பர்ஃபாஸ்ட் ஆக இருந்தால் சாதாரண சீசனுக்கு மேல் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், முன்பதிவுப் பெட்டியில் ஏறவும் கூடாது. சாதாரண சீசனோடு சூப்பர்ஃபாஸ்டில் ஏறி மாட்டினால் அபராதம் கட்ட நேரும். கூடுதல் கட்டணம் கட்டி எடுத்த சீசனோடு லோக்கலில் போக எந்தத் தடையும் இல்லை.